ஆடிட்டரோடு பேசிய இருபத்திரண்டு நிமிஷம்

அந்த சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் செல்போனை என் கையில் கொடுத்து, "ஆடிட்டர் பேசினது இதுல கீது. கேட்டு நோட்டுல எழுதி வை. நாளைக்கு நாலு பேரும் வராங்க, படிச்சுக் காட்டணும்" என்றார். சொன்ன கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வீட்டில் இருக்கிற நாளில் சாப்பிட்டதும் பாயை விரிக்கிற மனுஷன். அன்றைக்கு ஏன் படுக்கவில்லை என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனால் எங்கள் காலடிப்பேட்டை மகளிர் குழுவில் ஒன்பது வருஷமாகத் தீர்மான நோட்டு எழுதுகிறவள் நான். அதற்கு ஒரு முறை உண்டு. பேசினதைப் பேசினபடி எழுத வேண்டும். எழுதினதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் கையெழுத்து. தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. என் கையெழுத்து அழகாக இருக்காது, ஆனால் நான் எழுதினதில் இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அதனால்தான் அந்த நாலு பேரும், "உன் பேச்சை நம்ப மாட்டோம், அண்ணி எழுதினா நம்புவோம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஏன் நம்பவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவரும் அந்த நாலு பேரும் ஒரே ஷிப்டு. மலைக்கு மாலை போட்டால் ஐந்து பேரும் சேர்ந்து போடுவார்கள். சீட்டு கட்டினால் ஒரே இடத்தில் கட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சம்பளத்தில் பிடித்த வருமான வரியைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் வந்தபோதும் ஐந்து பேரும் சேர்ந்தேதான் போனார்கள். பான் கார்டு நகல், ஆதார் நகல், கம்பெனி கொடுத்த ஃபார்ம் பதினாறு, எல்லாம் அவன் கைக்குப் போனது. வரி வலைத்தளத்துப் பாஸ்வேர்டையும் அவனே வைத்துக்கொண்டான். கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகவும் வாடகை வீட்டில் இருப்பதாகவும் அவன் எழுதினான். நாங்கள் இருப்பது மாமனார் கட்டின சொந்த வீடு. ஒரு கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. ஆனாலும் பாங்கில் நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் வந்து விழுந்தது. அதில் பத்தில் ஒரு பங்கை ஏஜென்ட் வாங்கிக்கொண்டான்.

நான் இன்னா செய்தேன்? எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. குளிக்கிற ரூமுக்கு டைல்ஸ் போட்டோம். மிச்சத்தில் அம்மனுக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கிச் சாத்தினேன். தாயே, நீதான் கொடுத்தே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து, அந்த நாலு பேரில் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் தம்பிக்கு வரி இலாகாவிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. நீங்கள் காட்டின நன்கொடை சரிதானா என்று பார்த்து, தப்பென்றால் திருத்தித் தாக்கல் செய்யுங்கள் என்று. மற்ற நாலு பேருக்கும் வரவில்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால் அப்படி ஒரு நம்பரே இல்லை என்று பெண் குரல் சொன்னது. அப்புறம்தான் தெரிந்தது, ஸ்டோர்ஸ் தம்பி தவிர மற்றவர்கள் கணக்கில் ஏஜென்ட் தன்னுடைய போன் நம்பரையே பதிந்து வைத்திருந்தான். இவர்களுக்கு வர வேண்டிய மெசேஜெல்லாம் அந்த இல்லாத நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஏஜென்ட்டை ஷிப்டுக்குள் கூட்டி வந்தவர் என் வீட்டுக்காரர். அதிலிருந்துதான் பேச்சு மாறியது. கிரேன் ஓட்டுகிற அண்ணன், ஐவரில் மூத்தவர், கேண்டீனில் எல்லார் முன்னாலும், "நீதானே மாமு இட்டாந்தே? உனக்குத் தெரியாம அவன் எங்க பூடுவான்?" என்று கேட்டாராம். டோல்கேட் பக்கம் ஒரு ஆடிட்டர் இருக்கிறார், கேட்கலாம் என்று இவர் சொன்னதற்கும், "இவன் எவனோட ஆளு?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆடிட்டருக்குச் சனிக்கிழமை காலைதான் நேரம். அன்றைக்கு இவருக்கு மட்டும் லீவு, மற்றவர்கள் வேலையில். கடைசியில், "பேசு, ஆனா ரெக்கார்டு பண்ணு" என்று விட்டார்கள்.

சாமி விளக்கில் திரியைத் தூண்டிவிட்டு, நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, பிள்ளையார் சுழி போட்டேன். கீழே மூன்று தலைப்பு: என்னென்ன பேப்பர், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள். ரெக்கார்டைப் போட்டேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்.

முதலில் என் வீட்டுக்காரர் குரல். "சார், இத ரெக்கார்டு பண்ணிக்கறேன். எழுதி மத்தவங்களுக்குக் காட்டணும்."

"தாராளமா பண்ணிக்கங்க. ஆனா நான் சொல்ற தொகை எல்லாம் சுமார்தான். பேப்பர் பார்த்தாதான் சரியா சொல்ல முடியும். அதையும் எழுதச் சொல்லுங்க."

தப்பிக்க வழி வைத்துக்கொண்டு பேசுகிறானே இந்த ஆள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இருந்தாலும் பணம் என்ற தலைப்புக்குப் பக்கத்தில் 'எல்லாம் சுமார்' என்று எழுதினேன்.

பேப்பர் வரிசையாக வந்தது. அந்த வருஷத்து ஃபார்ம் பதினாறு. ஏஜென்ட் தாக்கல் செய்த ரிட்டர்னின் நகல், அது கையில் இல்லை என்றால் வரி இலாகா வலைத்தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் இருக்கிற இருபத்தாறு ஏஎஸ் என்கிற தாள், அதில் பிடித்த வரி எல்லாம் இருக்கும். பணம் வந்து விழுந்த பாஸ்புக் பக்கம். பான், ஆதார். ஸ்டோர்ஸ் தம்பிக்கு வந்த மெசேஜின் படம்.

"நன்கொடை ரசீது, வாடகை ரசீது இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லேன்னா இல்லைதான். இப்ப போய் எங்கயாவது புதுசா தயார் பண்ணிட்டு வராதீங்க. அது இதைவிடப் பெரிய தப்பு."

இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மனசு இறங்கியது. ஆனால் அடுத்ததாகவே, "வலைத்தளத்துக்குள்ள போகணும்" என்று பேச்சு எடுத்தார். வந்துட்டானா பாஸ்வேர்டுக்கு என்று ரெக்கார்டை நிறுத்தினேன். போன தடவை அதில்தானே கவிழ்ந்தோம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

"பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம். ஆதார்ல இருக்கிற உங்க போனுக்கு ஓடிபி வரும். அதை வெச்சு நீங்களே புதுசா மாத்திக்கலாம். போன்ல யாருக்கும் அந்த நம்பரைச் சொல்லாதீங்க, எனக்கும் சொல்லாதீங்க. நேர்ல வாங்க, உங்க கண்ணு முன்னாடி போடலாம். முதல் வேலையா அந்த ஏஜென்ட்டோட போன் நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போடணும்."

சரி, இதில் ஏமாற்று இல்லை என்று எழுதினேன். நோட்டில் இல்லை, மனசில்.

பணப் பேச்சு எட்டாவது நிமிஷத்தில் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் கணக்கை மட்டும் வைத்து ஆடிட்டர் சொன்னார்; மற்ற நாலு பேருக்கும் ஏறக்குறைய இதே அளவுதான் வந்திருந்தது. வந்த நாற்பத்தோராயிரத்து அறுநூறைத் திருப்பிக் கட்ட வேண்டும். மாசத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இருபத்து நாலு மாசத்துக்கு. அது சுமார் பத்தாயிரம். இரண்டையும் கூட்டி, அதில் கால் பங்கு கூடுதல் வரி, சுமார் பதிமூவாயிரம். எல்லாம் சேர்த்து அறுபத்து நாலாயிரத்து ஐநூறு வரும். ஏஜென்ட் வாங்கின நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இதில் ஒரு கழிவும் கிடையாது, அது போனது போனதுதான்.

கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வளையல். ஒன்று போகும்.

"இவ்ளோவா சார்? ஏமாத்தினது அவன், கட்றது நானா?"

"வாங்கினது நீங்கதானே? இப்ப வந்திருக்கிறது வெறும் மெசேஜ். நீங்களே திருத்திட்டா இதோட போகும். நோட்டீஸ் வந்து அவங்க கண்டுபிடிச்சாங்கன்னா, வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம் போட இடம் இருக்கு."

தேதிகளை எழுதினேன். திருத்தின ரிட்டர்னை மார்ச் முப்பத்தொன்றுக்குள் போட வேண்டும். அது தாண்டினால் கால் பங்கு அரைப் பங்காக மாறும், மொத்தம் எழுபத்தெட்டாயிரத்துக்கு மேல் போகும். பணத்தை முதலில் கட்டி, கட்டின சலானை வைத்துத்தான் ரிட்டர்ன் போட முடியும். போட்ட பிறகு முப்பது நாளுக்குள் ஓடிபி வைத்து உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் போட்டதே செல்லாது. கடைசி வாரம் வலைத்தளம் சுற்றிக்கொண்டே நிற்கும், அதனால் மார்ச் இருபதுக்குள் பேப்பரோடு வந்துவிட வேண்டும். ஆடிட்டர் கூலி ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு, பங்கு கிடையாது.

இதற்கப்புறம் பேச்சு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது. ஆடிட்டர் கேட்டார், "அந்த வருஷம் சம்பளம் தவிர வேற எதாவது வந்துதா? திருத்தறதுன்னா முழுசா திருத்தணும். மறுபடியும் பாதியை மறைச்சுட்டுப் போட்டா அர்த்தம் இல்ல."

பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் என் வீட்டுக்காரர், தணிந்த குரலில்:

"அந்த ஏஜென்ட்டு ஆளுக்கு ஐந்நூறு குடுத்தான் சார். நாலு பேரை இட்டாந்ததுக்கு."

"ரெண்டாயிரமா? எப்ப குடுத்தான்?"

"பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி சார். பான் கார்டு நகல் வாங்கினப்பவே."

"அப்ப மார்ச்லயே. இதே வருஷக் கணக்குல வருது. இதர வருமானம்னு ரெண்டாயிரம் சேர்க்கணும். மொத்தத்துல ஒரு அறுநூறு, அறுநூத்தைம்பது கூடும்."

ரெக்கார்டை நிறுத்தினேன். பேனா கையில் இருந்தது, எழுத ஓடவில்லை. இருபத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். கம்பெனியில் சட்டைப் பித்தான் விழுந்தால்கூட என்னிடம் சொல்கிற மனுஷன். கிரேன் அண்ணன் கேண்டீனில் கேட்டபோது, "என் சாமி சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது" என்று சொன்னதாக என்னிடம் வந்து சொன்னவர். அந்தச் சத்தியத்தை நான் நம்பி, கிரேன் அண்ணன் சம்சாரத்தோடு ஒரு மாசமாகப் பேசாமல் இருந்தேன்.

ஆடிட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தேகப்பட வேண்டிய ஆள் என் பக்கத்தில் தினம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மீதியையும் கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கேட்டதில் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் ஆறு மணிக்கு மேல் வந்தார். நான் நோட்டை மூடாமல் வைத்திருந்தேன். அவர் கண் நேராக அதில்தான் போனது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். ரெண்டாயிரத்தையும் எழுதிட்டேன்."

சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். "தெரியும். அத்த நீயே கேக்கணும்னுதான் போனை உன் கையில குடுத்தேன். என் வாயால வரல."

"வாயால வராதா? சாமி மேல சத்தியம் மட்டும் வாயால வந்துதே."

நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "சரி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த ரெண்டாயிரம் என் கணக்கு. என் ரிட்டர்ன்ல போட்டு நான் வரி கட்டிக்கறேன். அவனுங்க நாலு பேரு கணக்குக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? அவனுங்களுக்கு வேண்டியது பேப்பரு, பணம், தேதி. அந்த ஒரு வரிய உட்டுட்டுப் படி. இல்ல வேற பக்கத்துல எழுது."

அவர் சொன்னது தப்பில்லை. யோசித்துப் பார்த்தேன், அவர்கள் கட்ட வேண்டியதில் ஒரு பைசாகூட அதனால் மாறாது. படிக்காமல் விட்டால் அவர் மானம் நிற்கும். படித்தால் பதினெட்டு வருஷப் பழக்கம் அறுந்துவிடும். அந்த நாலு பேர் கோபத்தில் இந்த ஆடிட்டரும் வேண்டாம் என்று போய்விட்டால், மார்ச் முப்பத்தொன்று தாண்டி அவர்களுக்கும் தலைக்குப் பதினாலாயிரம் கூடும். இத்தனையும் எனக்குப் புரிந்தது.

விளக்கு முன்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். வழி காட்டு என்று வேண்டவில்லை. வழி எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நாளைக்கு வாசிக்கும்போது குரல் நடுங்கக் கூடாது தாயே என்று மட்டும் வேண்டினேன்.

"ஒன்பது வருஷமா இந்த நோட்டுல பேசினதைப் பேசினபடி எழுதறேன்" என்று சொன்னேன். "உங்களுக்காக வேற மாதிரி எழுதத் தெரியாதுங்க."

"அப்ப நாளைக்கு என்னைக் கொல்லப் போறே."

"நீங்களே முன்னாடி சொல்லிடுங்க. அப்ப கொலை இல்ல."

சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். கிரேன் அண்ணன் நாற்காலியில், மற்றவர்கள் பாயில். காப்பி கொடுத்தேன். கிரேன் அண்ணன் டம்ளரைத் தொடவில்லை. "முதல்ல படிம்மா தங்கச்சி. காப்பி எங்க பூடும்" என்றார்.

பேப்பரைப் படித்தேன். ஸ்டோர்ஸ் தம்பி ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டார். பணத்தைப் படித்தேன். அறுபத்து நாலாயிரத்து ஐநூறு என்றதும் ஒருத்தர், "அய்யோ, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணுமே" என்று தலையில் கை வைத்தார். தேதிகளைப் படித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மாட்டார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு வேறு வழி இல்லை.

"இதர வருமானம். ஏஜென்ட் ஆளுக்கு ஐந்நூறு வீதம் நாலு பேருக்காக இவருக்கு ரெண்டாயிரம் குடுத்தது, மார்ச் மாசம். இவர் கணக்கில் சேர்க்க வேண்டும்."

குரல் நடுங்கத்தான் செய்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கிரேன் அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "ஐந்நூறு ரூபாய்க்கு என்னை வித்துட்டியா மாமு? கோழிகூட இப்ப அதைவிட ஜாஸ்தி விலைக்குப் போவுது."

"அண்ணா, நான்..."

"நீ பேசாத. இந்த ஆடிட்டருகிட்ட எவ்ளோ வாங்கினே? ஆளுக்கு ஆயிரத்தைந்நூறுல உனக்கு எவ்ளோ?"

"ஒண்ணும் இல்லண்ணா. சத்தியமா."

"உன் சத்தியத்தைப் பத்தி பேசாத. ஏற்கெனவே ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம்." எழுந்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். நான் பயந்தது நடந்துவிட்டது. மார்ச் முப்பத்தொன்று என் கண் முன்னால் நின்றது.

அப்போது ஸ்டோர்ஸ் தம்பிதான், பாயை விட்டு எழாமல், "அண்ணே, இருங்க. கோவம் அப்புறம். போனைப் போடுங்க அண்ணி, முழுசா கேக்கலாம். ஆடிட்டரும் கூட்டா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்றார்.

போட்டேன். ஆறு பேரும் குனிந்து கேட்டோம். நோட்டு கிரேன் அண்ணன் மடியில். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பதினாறாவது நிமிஷத்தில் ரெண்டாயிரம் வந்தது. அவர் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, நோட்டையே பார்த்தார். அதற்கப்புறம்தான் நான் எழுதாமல் விட்டது வந்தது.

"ஒரு விஷயம் கேக்கறேன்" என்றது ஆடிட்டர் குரல். "ரீஃபண்டு வந்தப்ப இவ்ளோ எப்படி வந்துதுன்னு யாருமே கேக்கலையா?"

"இல்ல சார். நானும் கேக்கல. அவங்களும் கேக்கல."

"சொந்த வீட்டுக்காரனுக்கு வாடகைக் கழிவு எப்படி வரும்? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேர்லதான் தாக்கல் ஆச்சு. பொறுப்பும் அவங்கவங்களுடையதுதான். நீங்க இட்டுட்டுப் போனது தப்பு, அதுக்கு நீங்க அவங்களுக்குப் பதில் சொல்லணும். ஆனா வரிக்கு அவங்க தலையில இருக்கிறதை நீங்க சுமக்க முடியாது."

கிரேன் அண்ணன் நோட்டை மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தார். "இது இதுல காணோமே?"

"எழுதலண்ணா."

"ஏன்?"

எனக்கு உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. "இவருக்குச் சாதகமா இருந்துது. எழுதினா புருஷனைக் காப்பாத்த எழுதினேன்னு சொல்லுவீங்களோன்னு."

அவர் என்னையே பார்த்தார். "பேசினதைப் பேசினபடி எழுதணும்னு சொல்லுவியே தங்கச்சி. எனக்குக் கசக்கறதையும் எழுதணும் இல்ல?" நோட்டை நீட்டினார். "எழுது."

எழுதினேன். 'பணம் வந்தபோது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பொறுப்பு அவரவர்க்கு.' எழுதிவிட்டு, அடியில் இன்னொரு வரி நானாகச் சேர்த்தேன்: 'நானும் கேட்கவில்லை.' போனில் யாரும் சொன்னதில்லை அது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பட்டது. வாசித்துக் காட்டினேன். கிரேன் அண்ணன் முதல் கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் கடைசியில் போட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாயில் வைத்தார். ஸ்டோர்ஸ் தம்பி எடுத்துக்கொள்ளவில்லை. கிரேன் அண்ணன் ஒன்றை எடுத்துச் சொருகிக்கொண்டு, "இதுக்கும் நான் வரி கட்டணுமான்னு கேட்டு சொல்லு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் வளையலை அடகு வைத்தோம். பணத்தைக் கட்டி, சலான் எடுத்துக்கொண்டு, ஆறு பேருமாக டோல்கேட் போனோம். என்னையும் வரச் சொன்னது கிரேன் அண்ணன்தான். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும்மா, ஆடிட்டர் வேற மாதிரி பேசினா நிறுத்து என்றார். ஆடிட்டர் ஒல்லியான மனுஷன், மேஜையில் ஃபைலுக்கு நடுவில் டிபன் டப்பா. ஒவ்வொருவராக உட்கார்த்தி வைத்துச் செய்தார். ஓடிபி வந்தபோது ஸ்டோர்ஸ் தம்பி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தானே நம்பரைத் தட்டினார். ஆடிட்டர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. ஆடிட்டர் கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த ரெண்டாயிரம், போட்டுடட்டுமா?" என்று கேட்டார். எல்லாருக்கும் கேட்டது.

"போடுங்க சார்."

"சின்னத் தொகைதான். நிறையப் பேர் விட்டுடுவாங்க."

"நோட்டுல கீது சார். போடுங்க."

போட்டார். ஐந்து பேருக்கும் ஐந்து ரசீது தாள் அச்சாகி வந்தது. கீழே இறங்கியதும் கிரேன் அண்ணன், "ஐந்நூறு ரூபாய்க்கு ஆள் புடிச்சுக் குடுத்து அதுக்கு வரியும் கட்டின மொத ஆளு நீதான் மாமு" என்றார். ஒருத்தர் சிரித்தார், அப்புறம் எல்லாருமே கொஞ்சம் சிரித்தோம். என் வீட்டுக்காரரும்.

ஆனால் வண்டி எடுக்கும்போது கிரேன் அண்ணன் வழக்கம்போல இவர் பின்னால் ஏறவில்லை. "நீ தங்கச்சிய ஏத்திக்கினு போ. நான் பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டு, கையில் தன் ரசீதை மறுபடியும் பிரித்துப் படித்துக்கொண்டே ஸ்டாப் பக்கம் நடந்தார்.